ரீலா, படத்தொகுப்பா: எதைத் தொடர்வது?

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தே முறுக்கு விற்கும் ஒருவரின் இன்ஸ்டாகிராம் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். முறுக்கு பிழியும் ரீல் 6,000 பேரைச் சென்றடைந்தது. விலையும் முன்பதிவு நாளும் அடங்கிய படத்தொகுப்பு 900 பேரை மட்டுமே சென்றடைந்தது. பதிவிட்டு ஏழு நாள் ஆனபின் எடுத்த எண்கள் இவை என்று கொள்வோம். வயது வேறுபட்ட பதிவுகளை ஒப்பிட்டால் பழையதே வெல்ல வாய்ப்பு அதிகம்.

சென்றடைந்தவர் எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் தொகுப்பைக் கைவிடுவது தவறு. சேமிப்பு, பகிர்வு, பக்க வருகை ஆகியவற்றை, சென்றடைந்த ஆயிரம் பேருக்கு எத்தனை என்று வகுத்துப் பார்க்க வேண்டும்.

சேமிப்பு: ரீலுக்கு 12, ஆயிரத்துக்கு 2. தொகுப்புக்கு 45, ஆயிரத்துக்கு 50.

பகிர்வு: ரீலுக்கு 90, ஆயிரத்துக்கு 15. தொகுப்புக்கு 9, ஆயிரத்துக்கு 10.

பக்க வருகை: ரீலுக்கு 18, ஆயிரத்துக்கு 3. தொகுப்புக்கு 36, ஆயிரத்துக்கு 40.

சேமிப்பவர் பிறகு திரும்பிப் பார்க்க நினைக்கிறார். பக்கத்துக்கு வருபவர் விற்பவர் யார், எப்படி வாங்குவது என்று தேடுகிறார். ஆகவே ஆர்டர் வேண்டுமானால் தொகுப்பையே மீண்டும் இடுங்கள். புதியவர்களுக்கு அறிமுகமாக ரீல் உதவும், ஆனால் அதைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் பேராக்கில் இல்லாமல் சென்னையில் இருந்தால் அந்த வீச்சு விற்பனைக்குப் பயன்படாது. ரீலை உடனே நிறுத்தாமல், விலையையும் ஊர்ப்பெயரையும் அதிலேயே சேர்த்து இன்னும் இரண்டு முறை இட்டுப் பாருங்கள். அப்போதும் பக்க வருகை உயராவிட்டால் விட்டுவிடலாம். தீபாவளிக்கு முந்திய வாரங்களின் எண்களைச் சாதாரண மாதத்தோடு ஒப்பிட வேண்டாம்.