"மூன்று கிளையில் போட்டால் மூன்று காப்பீடு" என்று சொன்னால் நம்பாதீர்கள்

அப்பாவின் ஓய்வுக்காலப் பணம் ஒரு வங்கியில் மாட்டிக்கொண்டு இரண்டு ஆண்டுகள் முடிந்துவிட்டன. ஒரு பகுதி காப்பீட்டில் வந்துவிட்டது. மீதி இன்னும் வரவில்லை. எங்களை ஏமாற்றியது வங்கி மூழ்கிய செய்தி அல்ல, அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு கிளை மேலாளர் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியம். அதே வாக்கியத்தை வேறு இடங்களிலும் சொல்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

பணம் போடப் போன அன்று அப்பா கேட்டார்: "வங்கிக்கு ஏதாவது ஆகிவிட்டால் காப்பீடு ஒரு அளவுக்குத்தானே கொடுக்கும்?" மேலாளர் சொன்னார்: "ஒரே இடத்தில் வைத்தால்தான் சார் அந்தக் கவலை. எங்களுடைய மூன்று கிளைகளில் பிரித்துப் போடுங்கள். ஒவ்வொரு கிளைக்கும் தனி வரம்பு. முழுத்தொகைக்கும் காப்பீடு கிடைத்துவிடும்." கேட்கச் சரியாகத்தான் இருந்தது. மூன்று கிளை, மூன்று கணக்கு எண், மூன்று டெபாசிட் ரசீது. அப்பா நம்பினார், நானும் நம்பினேன்.

அது முழுக்கத் தவறு. வைப்புத்தொகைக் காப்பீட்டில் வரம்பு ஒருவருக்கு, ஒரு வங்கிக்கு என்றுதான் கணக்கிடப்படும். கிளைக்கு இல்லை, கணக்குக்கு இல்லை, ரசீதுக்கும் இல்லை. ஒரே பெயரில் ஒரே வங்கியில் இருக்கும் சேமிப்புக் கணக்கு, நடப்புக் கணக்கு, ஃபிக்சட் டெபாசிட் எல்லாவற்றையும், எந்த ஊர்க் கிளையில் இருந்தாலும், ஒன்றாகக் கூட்டிவிட்டுத்தான் வரம்பைப் பார்ப்பார்கள். இந்தியாவில் 2020 பிப்ரவரியிலிருந்து அந்த வரம்பு 5 லட்சம் ரூபாய். அமெரிக்காவில் 2,50,000 டாலர், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 1,00,000 யூரோ. அமெரிக்காவில் கூட்டுக் கணக்கு, சில ஓய்வூதியக் கணக்குகள் போன்ற வகைகளுக்குத் தனித்தனி வரம்பு உண்டு. ஆனால் ஒரே மனிதர், ஒரே வங்கி, ஒரே வகை என்றால் எங்குமே கிளையைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

எந்த நாட்டிலிருந்து படித்தாலும் பொருந்தட்டும் என்று, வரம்பை 100 என்று வைத்துக்கொண்டு எங்கள் கணக்கைச் சொல்கிறேன். முதல் கிளையில் 60, இரண்டாவதில் 50, மூன்றாவதில் 40 போட்டிருந்தோம். மொத்தம் 150. வங்கி முடக்கப்பட்ட நாளில் முதல் ரசீதில் வட்டி 8, அடுத்ததில் 4, கடைசியில் 2 சேர்ந்திருந்தது. ஆக 68, 54, 42. கிளை தனித்தனி என்று மேலாளர் சொன்னது உண்மையாக இருந்திருந்தால் மூன்றுமே 100-க்குள் அடங்கி முழுத்தொகையும் வந்திருக்கும். நடந்தது வேறு. காப்பீட்டு நிறுவனம் மூன்றையும் கூட்டி 164 என்று எழுதி, 100 கொடுத்து முடித்துவிட்டது. மீதி 64, காப்பீடு இல்லாத தொகை.

அந்த 100-உம் மறுநாளே வந்துவிடவில்லை. வங்கி முடங்கினால் முதலில் பணம் எடுக்கக் கட்டுப்பாடு வரும். பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியில் 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதித்த முதல் கட்டுப்பாட்டில் ஒரு கணக்கிலிருந்து 1,000 ரூபாய்தான் எடுக்க முடிந்தது. அதற்குப் பிறகு, 2021-இல் இந்தியாவில் சட்டம் திருத்தப்பட்டது: இப்படிக் கட்டுப்பாடு விதித்தால், வங்கி மூடப்படும் வரை காத்திருக்காமல், 90 நாட்களுக்குள் காப்பீட்டுத் தொகையைக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலும் அடுத்த ஓரிரு வேலை நாட்களிலேயே காப்பீடு உள்ள பணம் கைக்கு வந்துவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 7 வேலை நாட்கள் என்பது விதி. நாடு எதுவானாலும் அந்த இடைவெளியில் வீட்டுச் செலவு நடக்க வேண்டுமே. வரம்புக்குள் இருக்கும் பணமாக இருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே வங்கியில் வைக்கக் கூடாது என்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

எங்களுக்கு இன்னும் தாமதமானது, காரணம் பெயர். ஒரு கிளையில் அப்பாவின் இனிஷியல் பெயருக்கு முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் இனிஷியலை விரித்து முழுப் பெயராக. வைப்பாளர் பட்டியலைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பும் முன் இந்த மூவரும் ஒருவர்தானா என்று சரிபார்க்க வேண்டியிருந்தது. அடையாளச் சான்றுகளோடு மூன்று முறை அலைந்தோம். உங்கள் ரசீதுகளை இன்றே எடுத்து, எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா, முகவரியும் கைப்பேசி எண்ணும் இப்போதையதா என்று பாருங்கள். ஒரு மணி நேர வேலை.

சரி, அந்த 64 என்ன ஆகும்? வங்கியின் கட்டடம், கொடுத்த கடன், முதலீடு எல்லாவற்றையும் விற்று, வசூலித்து, கலைப்பாளர் பங்கு போடுவார். காப்பீட்டு நிறுவனமும் தான் கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற அந்தச் சொத்தையே எதிர்பார்த்து நிற்கும். வங்கி கொடுத்த கடன்கள் திரும்பாமல் போனதால்தான் வங்கியே மூழ்கியது, பிறகு அந்த வரிசையில் பணம் எங்கிருந்து சீக்கிரம் வரும்? 2008 ஜூலையில் அமெரிக்காவில் இண்டிமேக் வங்கி விழுந்தபோது காப்பீடு இல்லாத தொகையில் பாதியை மட்டும் முன்பணமாகக் கொடுத்தார்கள். பாதி உடனே கிடைத்தது அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். எங்களுக்கு 64-இல் இதுவரை வந்தது 19.

2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி விழுந்தபோது அமெரிக்க அரசு வரம்பைத் தாண்டிய பணத்தையும் காப்பாற்றியது உண்மை. இதைச் சொல்லி "கடைசியில் அரசு விடாது" என்று நண்பர் ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார். அது அந்த ஒரு சூழலுக்கு எடுத்த தனி முடிவு. யாருக்கும் அது உரிமை ஆகாது. உரிமையாகக் கேட்டு வாங்கக்கூடியது வரம்புவரைதான்.

நாங்கள் இதே பணத்தை இரண்டு வெவ்வேறு வங்கிகளில் 75, 75 என்று போட்டிருந்தால், ஒன்று மூழ்கியிருந்தாலும் வட்டியோடு சேர்ந்து 82 போல வந்திருக்கும். அது 100-க்குள்தான். இன்னொன்றில் இருந்த பாதி தொடப்பட்டிருக்காது. 164-இல் ஒன்றுமே போயிருக்காது. வேலை என்று பார்த்தால் இன்னொரு கணக்கு தொடங்குவது மட்டும்தான். மேலாளர் சொன்ன மூன்று கிளைக்கும் நடந்து போனவர்கள், பக்கத்தில் இருந்த வேறு வங்கிக்குள் நுழையவில்லை என்பதை நினைத்தால் இன்னும் மனது ஆறவில்லை.

பிரித்துப் போடும்போது பலர் கவனிக்காத இடம் வட்டி. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் அசலும் அன்றுவரை சேர்ந்த வட்டியும் சேர்த்துத்தான் வரம்பு. வரம்பு 100 என்று 100-ஐயே போட்டால் முதல் காலாண்டு வட்டியிலேயே தாண்டிவிடும். முதிர்வில் மொத்தமாக வாங்கும் டெபாசிட்டாக இருந்தால் கடைசி நாளில் எவ்வளவு ஆகும் என்று பார்த்துப் போட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை கூட்டப்படும் 7 சதவீத வட்டியில் 5 ஆண்டுகளுக்கு 71 போட்டால், முதிர்வில் ஏறக்குறைய 99.6 வரும். 72 போட்டால் 101-ஐ நெருங்கிவிடும். ஆக 100 வரம்பில் பாதுகாப்பாகப் போடக்கூடியது 71. அதே வங்கியில் சம்பளக் கணக்கு ஏதாவது இருந்தால் அதில் கிடக்கும் தொகையையும் கழித்துக்கொள்ளுங்கள். அந்த வங்கியில் கடன் பாக்கி இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு கொடுக்கும் வழக்கமும் உண்டு, அதையும் கேட்டுவிடுங்கள்.

இன்னொரு பொறி, பலகையில் வேறு பெயர். இரண்டு வங்கிகள் போலத் தெரிவது ஒரே உரிமத்தின் கீழ் இயங்கலாம். பிரிட்டனில் ஹாலிஃபாக்ஸும் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்தும் அப்படித்தான். இரண்டிலும் பணம் வைத்தவருக்கு ஒரே வரம்பு. அதனால் "வங்கி பெயர் வேறு" என்பது போதாது, உரிமம் வேறா என்று பார்க்க வேண்டும். இரண்டு வங்கிகள் இணைந்தாலும் இதே சிக்கல் வரும். அமெரிக்காவில் இணைப்புக்குப் பிறகு குறைந்தது 6 மாதங்கள் பழைய இரண்டு வரம்புகளும் தனித்தனியாக நீடிக்கும். அவகாசம் உள்ள நாட்டில் இருந்தால் அதற்குள் நகர்த்திவிடுங்கள். என் பெரியப்பா தன் வங்கி இன்னொன்றோடு இணைந்த கடிதத்தைப் பிரிக்காமலேயே வைத்திருந்தார், நான் போய்ப் பார்த்தபோது இரண்டிலும் அவருக்குப் பணம் இருந்தது.

அப்புறம், வங்கிக்குள் உட்கார்ந்து விற்கிறார்கள் என்பதற்காக எல்லாமே டெபாசிட் ஆகிவிடாது. மியூச்சுவல் ஃபண்டு, பத்திரம், ஆயுள் காப்பீடு எதற்கும் இந்தக் காப்பீடு கிடையாது. உண்மையான வைப்புத்தொகைக் காப்பீட்டுக்கு நீங்கள் விண்ணப்பிக்கவும் வேண்டாம், பணம் கட்டவும் வேண்டாம். பிரீமியத்தை வங்கிதான் கட்டுகிறது. அதற்கென்று உங்களிடம் யாராவது கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது அம்மாவின் பணத்தைப் போடப் போகும்போது நான் ஒரு தாள் எடுத்துப் போகிறேன். அதில் மூன்று கேள்விகள்: இந்த வங்கி எந்தப் பெயரில், எந்த உரிமத்தில் காப்பீடு செய்யப்பட்டிருக்கிறது? இவர் பெயரில் உங்கள் எல்லாக் கிளைகளிலும் சேர்த்து காப்பீடு உள்ள தொகை எவ்வளவு? வட்டி அதில் சேர்ந்ததா? பதிலை எழுதி, முத்திரையிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி கேட்கிறேன். வங்கி காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று நிறுவனத்தின் இணையதளத்திலேயே முன்கூட்டியே பார்த்துவிடுகிறேன். போன மாதம் ஒரு கிளையில், "கிளைக்குக் கிளை தனி வரம்பு" என்று அதே வாக்கியத்தை அதே புன்னகையோடு சொன்னார்கள். தாளை நீட்டினேன். கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வேறு வங்கிக்குப் போனோம்.