பாரமா, ஆங்கர் போல்ட்டா? சாய்ந்த சோலார் பேனலைக் காற்று தூக்கும் கணக்கு

மொட்டைமாடியில் சாய்த்து நிறுத்தப்படும் சோலார் பேனலுக்குப் பெரிய ஆபத்து பின்புறமிருந்து வரும் காற்றுதான். உயர்ந்த விளிம்பின் பக்கமாக வீசும் காற்று பேனலின் அடிப்பரப்பை மேல்நோக்கித் தள்ளுகிறது. அதே வேளையில் மேற்பரப்பில் உறிஞ்சல் உண்டாவதால் இரண்டும் ஒரே திசையில் கூடிவிடுகின்றன. இந்த மேல்தூக்கு விசையைச் சமாளிக்கக் கான்கிரீட் கட்டைகளைப் பாரமாக வைப்பது ஒரு வழி, சட்டகத்தின் கால்களை ஆங்கர் போல்ட் கொண்டு தளத்தோடு இறுக்குவது மற்றொரு வழி.

ஒரு பேனலை எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். பரப்பு 2.6 சதுர மீட்டர், சாய்வு 15 பாகை, சட்டகத்தோடு எடை 40 கிலோ, காற்றின் வேகம் நொடிக்கு 40 மீட்டர் என்று கொள்வோம். காற்றழுத்தம் வேகத்தின் இருமடியை 0.6ஆல் பெருக்கக் கிடைப்பது. ஆகவே சதுர மீட்டருக்கு 960 நியூட்டன். கூரையின் ஓரத்தில் தனித்து நிற்கும் பேனலுக்கு அழுத்தக் கெழு 1.2 என்று வைத்தால், பேனலின் பரப்புக்குச் செங்குத்தாக ஏறக்குறைய 3000 நியூட்டன் விசை செயல்படும். சாய்வின் காரணமாக அது இரண்டாகப் பிரிந்து, சுமார் 295 கிலோ எடைக்கு நிகராக மேலே தூக்கும். சுமார் 80 கிலோ எடைக்கு நிகராகக் கிடைமட்டமாகத் தள்ளும். பாதுகாப்புக் காரணி எதுவும் இதில் இன்னும் சேரவில்லை.

பாரம் வைப்பவர்கள் பெரும்பாலும் தூக்குவதற்கான கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். 295இலிருந்து 40ஐக் கழித்து, 255 கிலோ போதும் என்று நான்கு கட்டைகளை வைத்துவிடுவார்கள். 30 சென்டிமீட்டர் கனசதுரக் கட்டை ஒன்றின் எடை ஏறக்குறைய 65 கிலோ. ஆனால் அந்த நிலையில் சட்டகம் தளத்தை அழுத்தும் விசை கிட்டத்தட்ட சுழியாகிவிடுவதால் உராய்வு என்பதே இல்லாமல் போய், பக்கவாட்டுத் தள்ளலுக்குச் சட்டகம் அப்படியே நகரும். உராய்வுக் கெழு 0.4 என்றால், 80 கிலோ தள்ளலைத் தடுக்க மேலும் 200 கிலோ அழுத்தம் வேண்டும். ஆகப் பேனல் ஒன்றுக்கு 455 கிலோ, அதாவது ஏழு கட்டைகள். பேனலின் பரப்பில் பரப்பிப் பார்த்தால் சதுர மீட்டருக்கு 175 கிலோ வருகிறது. நடமாட்டத்துக்கான தளங்கள் பலவும் ஏறக்குறைய 150 கிலோ சுமைக்கே வடிவமைக்கப்படுவதால், கட்டமைப்புப் பொறியாளரின் ஒப்புதலின்றி இந்தப் பாரத்தை ஏற்ற முடியாது.

பாரம் பொருந்தும் இடமும் உண்டு. சாய்வை 5 பாகைக்குக் குறைத்து, பின்புறத்தைக் காற்றுத் தடுப்புத் தகட்டால் மூடி, வரிசைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிட்டால், காற்றுவீச்சு எல்லாப் பேனல்களையும் ஒரே நொடியில் தாக்குவதில்லை என்பதால் சுமை பகிரப்படுகிறது. காற்றுச் சுரங்கச் சோதனையில் உள்பகுதிப் பேனல்களுக்கு அழுத்தக் கெழு 0.3 என்று கிடைத்தால், நகர்வையும் சேர்த்தே ஒரு கட்டையில் வேலை முடியும். துளையிட்டால் நீர்காப்புப் படலம் கெட்டுவிடும் என்ற நிலையில் உள்ள தட்டையான பெரிய கூரைகளுக்கு இதையே நான் தேர்ந்தெடுப்பேன். பாரம் நகர்கிறதா என்பதைக் கண்டறிய, கட்டையின் ஓரத்தை ஒட்டித் தளத்தில் பெயின்ட் கோடு ஒன்று போட்டுவைத்தால் போதும். பெருங்காற்றுக்குப் பின் கோட்டுக்கும் கட்டைக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் உராய்வு தோற்றுவிட்டது என்று பொருள்.

15 பாகைச் சாய்விலும் உயர்ந்த கால்களிலும் ஆங்கர் போல்ட்டே தக்கது. நான்கு பேனல்களை நான்கு கால்கள் தாங்கும் மேசைச் சட்டகத்தில், எடையைக் கழித்தபின் காலுக்குச் சராசரியாக 255 கிலோ தூக்கல் வரும். உயர்ந்த பக்கத்துக் கால்களுக்கு அது மேலும் கூடும். நல்ல கான்கிரீட்டில் 70 மில்லிமீட்டர் ஆழம் பதிந்து, விளிம்பிலிருந்தும் பக்கத்துப் போல்ட்டிலிருந்தும் போதிய தொலைவில் உள்ள 12 மில்லிமீட்டர் போல்ட் இதைத் தாராளமாகத் தாங்கும்.

அந்த 70 மில்லிமீட்டர் எதற்குள் இருக்கிறது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கான்கிரீட் தளத்துக்கு மேலே நீர் வடிவதற்கான சாய்வுப் பூச்சும் அதன்மேல் பதித்த தரை ஓடும் சேர்ந்து 75 மில்லிமீட்டர் கனம் இருக்குமானால், 100 மில்லிமீட்டர் நீளப் போல்ட் கான்கிரீட்டுக்குள் 25 மில்லிமீட்டர்கூடப் போயிருக்காது. மேலே நட்டு இறுகிவிடும், பார்வைக்குக் குறையும் தெரியாது. துளையிடும்போது வெளிவரும் தூளைக் கவனித்தால் உண்மை புரியும்: செந்நிறமோ பொலபொலப்போ மாறிச் சாம்பல் நிற நுண்தூள் வரத் தொடங்கும் ஆழத்திலிருந்துதான் பதிவை அளக்க வேண்டும். வேதிப்பசை ஆங்கராக இருந்தால், அந்தத் தூளை ஊதி, தூரிகையால் தேய்த்து, மறுபடி ஊதி வெளியேற்றாவிட்டால் பசை கான்கிரீட்டைப் பிடிக்காமல் தூளைத்தான் பிடிக்கும்.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று மாடிகளில் பரவலாகக் காணப்படுகிறது. சட்டகத்தின் காலைச் சுற்றி ஓட்டின்மேலேயே கான்கிரீட் பீடம் வார்த்து, அதைப் பிணைப்பு என்று நம்பிவிடுகிறார்கள். தளத்தின் கம்பியோடோ போல்ட்டோடோ தொடர்பில்லாத அந்தப் பீடம், முன்சொன்ன கட்டையின் அளவே இருந்தால், வெறும் 65 கிலோ பாரம் மட்டுமே. மேலே சொன்ன மேசைச் சட்டகத்தில் காலுக்குத் தேவைப்படுவது, நகர்வைச் சேர்க்காமலேயே, 255 கிலோ. வாங்குபவர் பீடம் வார்க்கும் முன் தளத்தில் போல்ட் பதிந்திருப்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். சில போல்ட்டுகளையாவது இழுவைக் கருவியால் இழுத்துச் சோதிக்கச் சொல்ல வேண்டும். பீடம் வார்த்தபின் இரண்டுக்குமே வழியில்லை.