மரண அறிவித்தலைப் படத்தில இருந்து இங்கிலீசாக்கிறது – 3 வருச அனுபவம்

நான் இருக்கிறது கனடாவில, ஸ்காபரோவில. ஊரிலயோ லண்டனிலயோ எங்கட ஆக்களில ஆரும் மோசம் போனா முதல்ல வாட்ஸ்அப்புக்கு வாறது அந்தக் கறுப்புக் கரை போட்ட மரண அறிவித்தல் படம்தான். எங்கட குடும்பத்தில இஞ்ச பிறந்த பிள்ளையள் 14 பேர், அதில தமிழ் வாசிக்கிறது 2 பேர், மற்றவை படத்தைப் பாத்திட்டு ஆர் செத்தது, எனக்கு என்ன முறை எண்டு கேட்டு எழுதுவினம். அதால 3 வருசமா போனில இருக்கிற கேமரா மொழிபெயர்ப்பு ஆப்பில அந்தப் படத்தைக் குடுத்து, வாறதைத் திருத்திப் பிள்ளையளின்ர குரூப்பில போடுறன். 30க்குக் கிட்டச் செய்திருப்பன், அந்த அனுபவத்தைத்தான் எழுதுறன்.

நல்லாச் செய்யிறதை முதல்ல சொல்லுறன். திகதி, நேரம், மண்டப விலாசம், போன் நம்பர் எல்லாம் அனேகமாப் பிழைக்காது. ஆனா படம் தெளிவா இருக்கோணும். வாட்ஸ்அப்பில நாலு பேரின்ர கையால மாறி வந்த படத்தில எழுத்துக் கரைஞ்சு போயிருக்கும், அப்ப "ர"வையும் காலையும் (ா) மாத்திப் பிடிச்சுப் பெயரையே வேறயாக்கிப்போடும். அதால முதல் அனுப்பினவரிட்டக் கேட்டு டொக்குமெண்டா அனுப்பச் சொல்லி வாங்குவன். பேப்பரில வந்ததெண்டா பிளாஷ் போடாம, யன்னல் வெளிச்சத்தில நேர மேல இருந்து எடுப்பன்.

பிரச்சினை தொடங்கிறது "அன்னார்" எண்ட சொல்லுக்குப் பிறகு. எங்கட அறிவித்தலில அங்க இருந்து கடைசி "ஆவார்" வரைக்கும் ஒரே ஒரு வசனம்தான். இன்னாரின் மகனும், இன்னாரின் கணவரும், இன்னார் ஆகியோரின் தந்தையும் எண்டு "உம்" போட்டுப் போட்டுப் போகும், அந்த முறை எல்லாம் செத்தவருக்கு உரியது. ஆப் படத்தில இருக்கிற வரி வரியா முறிச்சு மொழிபெயர்க்கிறதால, முதல் வரியில இருக்கிற பெயர்களும் அடுத்த வரியில இருக்கிற "அன்புத் தந்தையும்" உம் பிரிஞ்சு போய், கீழ வாற ஆளின்ர தலையில ஏறிக்கொள்ளும். மகள் தாயாவா, மருமகன் மாமனாவார்.

இதுக்கு நான் கண்டுபிடிச்ச வழி, படத்துக்கு மேல வாற இங்கிலீசைப் பாக்கிறதே இல்லை, தமிழ் எழுத்தை மட்டும் கொப்பி பண்ணி நோட்டில போட்டு, முறிஞ்ச வரியளை ஒட்டி, பிறகு ஒவ்வொரு "உம்"முக்கும் பிறகு என்டர் தட்டிப் பிரிக்கிறது. தமிழில எத்தினை முறைச்சொல்லு "உம்" போட்டு வருதோ, இங்கிலீசிலயும் அத்தினை உறவு வரோணும். எண்ணிப் பாத்து ஒண்டு குறைஞ்சா எங்கயோ ரெண்டு ஒட்டிப்போச்செண்டு அர்த்தம்.

போன மாரியில பெரியப்பா மோசம் போகேக்க வந்த அறிவித்தலைச் சொல்லுறன், பெயர்களை மாத்தியிருக்கிறன். அதில 8 "உம்". ஆப் தந்ததில 6 உறவுதான் இருந்தது. முதல் பிழை "யாழ்." எண்டதை வாத்தியமாக்கினது, அது பரவாயில்லை, பிள்ளையளுக்கே விளங்கும். "பூதவுடல்" எண்டதைப் பேயின்ர உடம்பு மாதிரி எழுதியிருந்தது, அதை அப்பிடியே குரூப்பில போட்டிருந்தா அந்த நேரத்தில என்ன பாடு. ஐம்பூதத்தால ஆன உடல் எண்டுதான் அர்த்தம், இங்கிலீசில பியூனரல் கார்டில எழுதுறமாதிரி மோர்ட்டல் ரிமெயின்ஸ் எண்டு மாத்தினன்.

பிறகு வந்தது "காலஞ்சென்ற தவமணி, சிவமணி ஆகியோரின் அன்புச் சகோதரரும்". ஆப் ரெண்டு பேரையும் செத்தவையாக்கிப்போட்டுது. சிவமணி மாமி கிளிநொச்சியில உயிரோட இருக்கிறா, அண்டைக்குக் காலமைதான் என்னோட அழுதழுது கதைச்சவ. அறிவித்தல் எழுதுற ஆக்களின்ர வழக்கம் என்னெண்டா, ஒராளெண்டா "காலஞ்சென்ற", கனபேரெண்டா "காலஞ்சென்றவர்களான". அதால "காலஞ்சென்ற" எண்டு தனிய வந்தா பக்கத்துப் பெயருக்கு மட்டும்தான். "காலஞ்சென்றவர்களான" வந்தாக் கஷ்டம், அது எந்தப் பெயரோட முடியுதெண்டு வசனத்தில இருந்து எப்பவும் தெரியாது, அதுக்கு வீட்டு ஆக்களிட்டக் கேக்கிறதைத் தவிர வழி இல்லை. இங்கிலீசில எழுதேக்க நான் உயிரோட இருக்கிறவையை முதல்ல போட்டு, செத்தவைக்கு ஒவ்வொரு பெயருக்கும் முன்னால தனித்தனியா லேட் போடுறன், பிறகு ஆரும் மாறி விளங்க ஏலாது.

ஆனா என்னை அதிகம் மினக்கெடுத்தினது "பாசமிகு பேரனும்" எண்டதுதான். தமிழ்நாட்டில பேரன் எண்டா பிள்ளையின்ர பிள்ளை, ஆப்பும் அப்பிடித்தான் படிச்சிருக்கு. எங்கட யாழ்ப்பாணத்தில பேரன் எண்டா தாத்தா, பிள்ளையின்ர பிள்ளை பேரப்பிள்ளை. 84 வயசுப் பெரியப்பாவை 3 வயசுக் குழந்தையளின்ர பேரப்பிள்ளையாக்கி வைச்சிருந்தது. 3 வருசத்தில ஆப் எத்தினையோ விசயத்தில திருந்தீட்டுது, முந்தி "அவர்கள்" எண்டதைக் கண்டவுடன கனபேர் செத்தமாதிரி எழுதும், இப்ப அது இல்லை. பேரன் மட்டும் இண்டைக்கும் திருந்தேல்லை. "பெறாமகன்" எண்டா ஆம்பிளைக்கு அண்ணன் தம்பியின்ர மகன், பொம்பிளைக்கு அக்கா தங்கச்சியின்ர மகன், அதையும் ஒருக்காப் பிறக்காத பிள்ளை எண்டு தந்தது. பிள்ளையை இழந்த வீடொண்டுக்கு அப்பிடிப் போயிருந்தா எண்டு நினைக்கவே எனக்குப் பயமா இருக்கு.

பெரிய தந்தை எண்டதை ஒரு தரம் கிராண்ட்பாதர் எண்டும் இன்னொரு தரம் பெரிய அப்பா எண்டு சொல்லுக்குச் சொல்லும் தந்தது. இது சும்மா விசயமில்லை. சித்தப்பாவின்ர மகள் வேலையில லீவு கேக்க அந்த இங்கிலீசைத்தான் குடுக்க இருந்தவ. ஒண்டாரியோ சட்டத்தில குடும்பச் சாவுக்கு 2 நாள் சம்பளமில்லாத லீவு இருக்கு, தாத்தா பாட்டிக்கு உண்டு, பெரியப்பா சித்தப்பாவுக்குப் பொதுவா இல்லை, அவர் அவளின்ர பராமரிப்பில தங்கியிருந்தாத்தான் உண்டு. தாத்தா எண்டு போயிருந்தா அவள் தெரியாமலே பொய் சொன்னவளாப் போயிருப்பாள். நான் அப்பாவின்ர அண்ணா எண்டு விரிச்சு எழுதி, சட்டத்தையும் சொன்னன். அவள் மனேஜரிட்ட நேரப் போய்க் கதைச்சு, தன்ர வக்கேசன் நாளில ஒண்டை எடுத்தவள்.

அதால இப்ப மைத்துனர், சகலன், சம்பந்தி எதையும் ஒற்றைச் சொல்லில மாத்திறதில்லை. சகலனை மனைவியின்ர தங்கச்சியின்ர கணவர் எண்டு, சம்பந்தியை மருமகளின்ர அப்பா எண்டு, ஆளைப் பாத்து எழுதுறன். நீளமாத்தான் வரும். பட்டங்களில "அமரர்" எண்டா லேட் போதும், "ஓய்வுபெற்ற கிராம சேவையாளர்" எண்டதை விட்டிடுறதில்லை, அந்த மனிசன் அந்த வேலையில எத்தினை வருசம் ஓடியாடினவர். "இறைவனடி சேர்ந்தார்" எண்டதையும் வெறுமனே செத்தார் எண்டு சுருக்கிறதில்லை, கடவுளின்ர பாதத்தை அடைஞ்சார் எண்டே இங்கிலீசில போடுறன், பிள்ளையள் அதை விளங்கிக்கொள்ளுதுகள்.

பெரியப்பாவின்ர 31ம் நாள் அழைப்பு வரேக்க சித்தப்பாவின்ர மகள் தானே படத்தைப் போட்டு, தானே "உம்"மை எண்ணி, 5 எண்டு எழுதி எனக்கு அனுப்பினவள். பேரன் எண்ட இடத்தில கோடு போட்டு, இது தாத்தாதானே அண்ணா எண்டு கேட்டிருந்தாள்.