துணி, காலடி, கதவு: மூன்று வருடமாக ஒரே ரெக்கார்டரில்

காட்பாடிப் பக்கம் ஒரு வீட்டு அறை. குறும்படங்களுக்கு ஃபோலி, அதாவது காட்சியைப் பார்த்தபடி பிறகு தனியாகப் பதிந்து சேர்க்கும் சத்தங்கள், எடுக்க மூன்று வருடமாக அங்கே ஓடும் சாமான்கள்: கையடக்க ரெக்கார்டர், அதில் சொருகும் சிறிய கண்டென்சர் மைக், காதை முழுசாக மூடும் ஹெட்ஃபோன், ஒரு ஸ்டாண்ட். பதிவு எப்போதும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: கதவுக்கும் செருப்புக்கும் ரெக்கார்டரிலேயே இருக்கும் மைக் போதும். துணிக்குப் போதவே போதாது.

ஒரு நாற்பது விநாடிக் காட்சியை எடுத்துக்கொள்வோம். காட்டன் புடவை கட்டிய பெண் வெறுங்காலோடு திண்ணையிலிருந்து உள்ளே வந்து, கதவைச் சாத்தி, தாழ் போடுகிறார். இதில் முதலில் எடுக்க வேண்டியது துணி. இருப்பதிலேயே மெல்லிய சத்தம் அதுதான். அதனால் ஊர் அடங்கிய நேரத்தைத் துணிக்குத்தான் கொடுக்க வேண்டும். ரயில் ஹாரன் இரண்டு டேக்குக்கு நடுவே வந்தால் காத்திருக்கலாம், ஃப்ரிட்ஜ் அப்படி விடாது. அதை அணைத்துவிட்டு வண்டிச் சாவியை உள்ளே வைத்துவிடுங்கள். கிளம்பும்போது திரும்பப் போட மறக்காது. ஃபேனும் கிடையாது என்பதால், மே மாதத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் எடுக்க முடியாது. வியர்த்த கையில் துணி ஒட்டிக்கொள்ளும், சத்தமும் செத்துவிடும்.

புடவையை யாரும் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை. அரை மீட்டர் துண்டை இரண்டு கையிலும் பிடித்து, மைக்கிலிருந்து ஒரு முழ தூரத்தில், திரையில் அவர் உடம்பு அசைகிற கதியில் உரச வேண்டும். நடைக்கு லேசாக, திரும்பும்போது ஒரே இழுப்பாக. நாலைந்து முறை துவைத்த புடவை மைக்கில் ஒன்றுமே சொல்லாது; கஞ்சி போட்ட புடவைதான் புடவையாகக் கேட்கும். ஆரணிப் பட்டு என்றால் இன்னும் எளிது, ஜரிகை தானே பேசும். மீட்டரில் -12 டெசிபெல் வரவில்லையே என்று கெயினை ஏற்றாதீர்கள். துணி -30 பக்கம் நின்றாலும் பரவாயில்லை. ஏற்றினால் கூடவே இரைச்சலும் ஏறும். உள் மைக் தோற்பது இங்கேதான்: அதன் சொந்த இரைச்சலே துணிச் சத்தத்தின் உயரத்துக்கு நிற்கிறது. 32 பிட் ஃப்ளோட்டில் பதியும் ரெக்கார்டர் வாங்கினால் தீரும் என்பார்கள். அது உரத்த சத்தம் உடைந்து கேட்பதைத் தடுக்கும், மைக்கின் இரைச்சலைக் குறைக்காது.

அடுத்தது காலடி. மைக் முழங்கால் உயரத்தில், பாதத்திலிருந்து முக்கால் மீட்டர் தள்ளி, கீழ்நோக்கிச் சாய்ந்து இருக்கட்டும். நடப்பவர் நின்ற இடத்திலேயே நடக்க வேண்டும்; குதிகால் முதலில், பிறகு முன்பாதம் என்று இரண்டு சத்தமும் தனித்தனியாக விழ வேண்டும். உடையில் கவனம் தேவை. பாலியஸ்டர் பேண்ட் போட்டவர் காலடியோடு தன் பேண்டையும் சேர்த்துப் பதிந்துவிடுவார். பழைய பனியனும் அரைக்கால் டிரவுசரும் போதும். சிமென்ட் தரையில் காய்ந்த வெறுங்கால் கேட்காது. ஈரத்துணியில் பாதத்தை ஒற்றிவிட்டு வைத்தால், ஒட்டிப் பிரிகிற சின்னச் ‘சப்’ கிடைக்கும். அதிகம் நனைந்தால் குளியலறை ஆகிவிடும்.

வெளித்தரைக்கு மண் வேண்டுமென்றால் அதைப் பலகைத் தட்டில் கொட்டாதீர்கள். ஒவ்வொரு அடிக்கும் பலகை ‘தொம்’ என்று அதிரும், அதை எடிட்டில் பிரிக்க முடியாது. தரையில் சாக்கை விரித்து ஒரு சாண் உயரத்துக்கு மண் கொட்டுங்கள். ஷூ காட்சிகளுக்கு ஆம்பூர் பக்கம் கிடைக்கும் தோல் அடிப்பாகம் கொண்ட ஷூவே நல்லது. ரப்பர் அடிப்பாகத்தில் குதிகால் சத்தமே எழாது.

கதவை வீட்டில் இருப்பதிலேயே எடுக்கலாம், பகலிலும் எடுக்கலாம். ஆனால் ஒரே டேக்கில் முழுக் கதவையும் பிடிக்க நினைப்பதுதான் வழக்கமான தப்பு. கீல், பலகை நிலையில் மோதுவது, தாழ்ப்பாள் மூன்றையும் தனித்தனியாக எடுங்கள். கீல் கத்த வேண்டுமென்றால் எண்ணெயைத் துடைத்துவிட்டு, கதவைக் கீழே அழுத்தியபடி மெதுவாகத் தள்ள வேண்டும். வேகமாகத் தள்ளினால் கிரீச் வராது. மோதலுக்கு மைக் ஒரு மீட்டர் தள்ளி. தாழ்ப்பாளுக்கு ஒரு சாண் போதும், ஆனால் கெயினைப் பாதிக்கு இறக்கிவிட வேண்டும். இரும்பு இரும்பில் படும் அந்த ஒரு நொடிதான் உடைகிறது. சங்கிலி ஆடினால் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிட்டு, வேண்டுமானால் அதைத் தனியாக ஆட்டி எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று வருடத்தில் தொந்தரவு தந்தவை இரண்டே. சார்ஜரில் சொருகிப் பதிந்தபோதெல்லாம் அடியில் 50 ஹெர்ட்ஸ் முனகல் வந்தது. பேட்டரிக்கு மாறியதும் நின்றது. ஹெட்ஃபோன் மெத்தை தேய்ந்ததும் படத்தின் வசனம் வெளியே கசிந்து துணி டேக்குகளில் ஏறியது. மெத்தையை மாற்றும்வரை சத்தத்தைக் குறைத்து ஓட்டினால் சமாளிக்கலாம்.