பகடை எண்களை யாருக்கும் படம் பிடித்து அனுப்பாதீர்கள்

பினாங்கில் பிட்காயின் வைத்திருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன மாதம் 7,400 வெள்ளி போனது. தப்பில் பாதி என்னுடையதுதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

லெபோ பசார் பக்கம் ஒரு மாடி அறையில் ஞாயிறு வகுப்பு. கட்டணம் 150 வெள்ளி. பிட்காயினைச் செலவழிக்கத் தேவைப்படும் ரகசியச் சாவியை, அதை வைத்திருக்கும் ஹார்டுவேர் வாலட் கருவி தானாக உருவாக்குவதை நம்பாமல், நாமே பகடை உருட்டி உருவாக்குவது எப்படி என்று சொல்லித் தந்தார்கள். பாடம் நல்ல பாடம்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஒரு பகடையை 100 தடவை உருட்டி, வந்த எண்களை வரிசையாகத் தாளில் எழுத வேண்டும். ஊகிக்க முடியாத தன்மையைப் பிட் கணக்கில் அளந்தால் ஒரு உருட்டலுக்குச் சுமார் 2.58 பிட் என்பதால் 100 உருட்டலில் 258 பிட் கிடைக்கும். சாவியை 24 சொற்களாக எழுதி வைப்பார்கள், அதற்கு 256 போதும்.

வீட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து உருட்டினேன். வரிக்கு ஐந்தாக இருபது வரி. முடிந்ததும் வகுப்பு நடத்தியவரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது: "அண்ணே, தாளைப் படம் எடுத்து அனுப்புங்க, தப்பு இருக்கான்னு பார்த்துச் சொல்றேன்." அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில்: "5 இருபத்திரண்டு தடவை வந்திருக்கு, 4 பன்னிரண்டுதான். ரெண்டு இடத்துல 555 இருக்கு. அந்த ரெண்டு இடத்தை மட்டும் திரும்ப உருட்டி அனுப்புங்க." அதையும் செய்தேன்.

கருவியில் எண்களைத் தட்டினேன், 24 சொல் வந்தது, காசை அதற்கு மாற்றினேன். நான்காம் நாள் காலையில் பார்த்தால் இருப்பு பூஜ்ஜியம்.

முதலில் கருவியைத்தான் திட்டினேன். என் மச்சான் பழைய லேப்டாப் ஒன்றை வைஃபை அணைத்துவிட்டு, பெண்டிரைவில் இருந்து லினக்ஸ் ஏற்றித் திறந்தார். என் தாளில் இருந்த 100 எண்களை வரிசையாகத் தட்டினார். என் கருவி செய்வதெல்லாம் அந்த எண்களுக்கு SHA-256 கணக்குப் போட்டு, வரும் 256 பிட்டோடு 8 பிட் சரிபார்ப்பைச் சேர்த்து 24 சொல்லாக்குவதுதான். கருவியைத் தொடவே இல்லை, ஆனால் என் 24 சொற்களும் அந்தத் திரையில் அப்படியே வந்து நின்றன. அப்போதுதான் உறைத்தது. தாளில் இருந்தது சாவிக்கான குறிப்பு இல்லை, சாவியேதான்.

வகுப்பு நடத்தியவர்தான் எடுத்தார் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அந்த எண்கள் என்னைத் தவிர வேறு யாரிடமாவது இருந்தது என்றால் அவர் கைப்பேசியில் மட்டும்தான். படம் அனுப்பிய இன்னும் மூன்று பேரின் பணமும் போயிருக்கிறது. அதற்கு மேல் நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். போலீஸில் ரிப்போர்ட் செய்தேன். வங்கிக் கணக்கில் போன பணமாக இருந்தால் மோசடிப் புகார் எண் 997-க்கு உடனே அடித்து நிறுத்தப் பார்க்கலாம். இதைத் திருப்பி வாங்க வழி இல்லை.

அவர் 'தப்பு' என்று சொன்னது தப்பே இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். 100 உருட்டலில் ஒவ்வொரு எண்ணும் சராசரி 16, 17 தடவை வரும். 9 முதல் 24 வரை எதுவும் சாதாரணம். என் எண்ணிக்கை 1 முதல் 6 வரை 14, 19, 17, 12, 22, 16. அதில் ஒன்றுகூட எல்லையைத் தாண்டவில்லை. அடுத்தடுத்து ஒரே எண் வருவதும் சுமார் 16 இடத்தில் இருக்கத்தான் வேண்டும், மூன்று தடவை தொடர்ந்து வருவதும் இரண்டு மூன்று இடத்தில் வரும். பகடை கொஞ்சம் கோணலாகி 5 மட்டும் நான்கில் ஒரு தடவை விழுந்தாலும் 100 உருட்டலில் குறைந்தது 200 பிட் கிடைக்கும். அதை யாராலும் ஊகிக்க முடியாது. உண்மையிலேயே சந்தேகம் வந்தால் தாளைக் கிழித்துப்போட்டு முதலில் இருந்து உருட்டுங்கள். பிடிக்காத இடத்தை மட்டும் மாற்றுவது நம் கைவேலை, அது பகடை போட்டது இல்லை.

நிஜமான தப்பு வேறு இடத்தில் வரும். ஒரு எண்ணை விட்டுவிடுவோம், அல்லது 1-ஐ 7 போல எழுதிவிடுவோம். அதனால்தான் வரிக்கு ஐந்து. வரிகளை எண்ணினாலே குறை தெரியும். கருவி சொற்களை ஏற்றுக்கொண்டதால் எண்கள் சரி என்று நினைக்காதீர்கள். அந்த 8 பிட் சரிபார்ப்பு, சொற்களைச் சரியாக எழுதினோமா என்று மட்டும்தான் பார்க்கும், உருட்டலைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. எண்களைச் சரிபார்க்க மச்சான் செய்த மாதிரி, இணையத்தில் இல்லாத கணினியில் நீங்களே கணக்கிட்டு, வரும் சொற்களைக் கருவியோடு ஒப்பிடுங்கள். முதலில் இந்தச் சோதனை எண்ணைப் போட்டுப் பாருங்கள்:

```
echo -n 123456 | sha256sum
8d969eef6ecad3c29a3a629280e686cf0c3f5d5a86aff3ca12020c923adc6c92  -
```

வேறு விடை வந்தால் பெரும்பாலும் `-n` விட்டுப்போயிருக்கும். அது இல்லாவிட்டால் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரிமுறிவு ஒட்டிக்கொண்டு விடையே மாறிவிடும். நாங்களும் முதலில் அதில்தான் கால் மணி நேரம் முழித்தோம்.

அடுத்த ஞாயிறும் அதே அறையில் வகுப்பு இருக்கிறதாம். விளம்பரத் தாளின் அடியில் "பகடை எண்கள் இலவசமாகச் சரிபார்த்துத் தரப்படும்" என்று இப்போதும் போட்டிருக்கிறார்கள்.