குவாலிட்டி வேலை: ஷாப் ஃப்ளோரா, சர்வீஸ் கம்பெனியா?

இரண்டிலும் வேலை பார்த்திருக்கிறேன். ஆறு வருடம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் குவாலிட்டி இன்ஜினியர், பிறகு பதினான்கு மாதம் இன்சூரன்ஸ் கிளெய்ம் பார்க்கும் சர்வீஸ் நிறுவனத்தில் ப்ராசஸ் இம்ப்ரூவ்மென்ட். இப்போது மறுபடியும் தொழிற்சாலை. சம்பளம், ஏசி, ஷிஃப்ட் பற்றி எல்லோருக்கும் தெரியும். என்னைத் திரும்ப வரவைத்தது அளவீடு.

தொழிற்சாலையில் ஒரு அலுமினியப் பாகத்தில் துளை 25.000 முதல் 25.021 மி.மீ. வரை இருக்கலாம். நைட் ஷிஃப்ட் ரிப்போர்ட்டில் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் கஸ்டமரிடம் போனால் ஷாஃப்ட் நுழையவில்லை என்று புகார் வரும். முதலில் எல்லோரும் மெஷினைத்தான் சந்தேகப்பட்டோம். ஒரு ராத்திரி பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மெஷினிலிருந்து எடுத்த சூட்டிலேயே, துளையின் விட்டத்தை அளக்கும் கருவியான போர் கேஜை விட்டு அளக்கிறார்கள். 25 மி.மீ. அலுமினியத் துளை பத்து டிகிரி சூடானால் ஏறக்குறைய 6 மைக்ரான் விரியும். துளை பெரிதாகிறது என்று நினைத்து ஆபரேட்டர், மெஷின் வெட்டும் அளவைத் திருத்தும் ஆஃப்செட்டைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார். சூட்டில் 25.005 காட்டிய பீஸ், ஆறியதும் 24.999. பீஸ் அறை வெப்பத்துக்கு வந்த பிறகே அளக்க வேண்டும் என்று மாற்றினோம். அந்தப் புகார் நின்றது. அதே பீஸை நாளை யார் எடுத்து அளந்தாலும் நான் சொன்னது சரியா தவறா என்று தெரிந்துவிடும்.

சர்வீஸ் பக்கம் வந்தபோது, நூறு ஃபைலில் ஆறில் தவறு. பயிற்சி கொடுத்தோம், மூன்றாகக் குறைந்தது, பாராட்டும் கிடைத்தது. எனக்கு மட்டும் ஒரு உறுத்தல். ஒரே ஐம்பது ஃபைலை இரண்டு ஆடிட்டர்களிடம் தனித்தனியாகக் கொடுத்தேன். பதினொன்றில் தீர்ப்பு வேறு வேறாக வந்தது. பெயரில் இனிஷியல் விடுபட்டால் ஒருவருக்கு அது தவறு, இன்னொருவருக்கு இல்லை. அப்படியென்றால் ஆறு மூன்றானது வேலை மேம்பட்டதாலா, ஆடிட்டர் மாறியதாலா? சொல்ல வழியில்லை. எது தவறு என்று வரையறுத்து எழுதவே இரண்டு மாதம் ஆனது. எழுதி முடித்த கையோடு கிளையன்ட் விதியை மாற்றினார், மறுபடி முதலிலிருந்து. தொழிற்சாலையில் போர் கேஜை ஒவ்வொரு ஷிஃப்டிலும், துல்லியமான அளவு தெரிந்த மாஸ்டர் ரிங்கில் வைத்துச் சரிபார்க்கிறோம். மனிதத் தீர்ப்புக்கு அப்படி ஒரு ரிங்கை நாமே செய்ய வேண்டும், அதுவும் அடிக்கடி.

நான் பார்த்தது ஒரே ஒரு வகை சர்வீஸ் வேலை. ஒரு பரிவர்த்தனைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக் கணினியே பதிவு செய்யும் இடங்களில் இந்தச் சிக்கல் குறைவாக இருக்கலாம். பேச்சும் எழுத்தும் கைவந்தவர்களுக்கு அங்கே சீக்கிரம் மேலே போகவும் வழி இருக்கிறது.

ஆனால் புதிதாக வருகிறவர்கள் முதல் மூன்று வருடத்தைத் தொழிற்சாலையில் கழிக்க வேண்டும் என்றுதான் சொல்வேன். சர்வீஸ்தான் என்று முடிவு செய்திருந்தால், இன்டர்வியூவில் ஒன்றைக் கேளுங்கள்: ஒரே ஃபைலை இரண்டு ஆடிட்டர்களிடம் கடைசியாக எப்போது கொடுத்துப் பார்த்தீர்கள்?