லிங்க்ட்இன் வாடிக்கையாளர் தேடலுக்கு ஒரு கூகுள் ஷீட்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

கப்பலூர் சிட்கோ பேட்டையில் ரப்பர் கேஸ்கெட், ஓ-ரிங் செய்யும் ஒரு சிறு யூனிட்டை எடுத்துக்கொள்வோம். வாங்குபவர்கள் கோவைப் பக்கம் பம்ப் செய்கிறவர்கள். அவர்களின் பர்சேஸ் மேனேஜரை லிங்க்ட்இன்னில் கண்டுபிடிப்பது எளிது. ஆனால் டிராயிங் வந்து, டை போட்டு, சாம்பிள் பாஸாகி, முதல் ஆர்டர் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். இத்தனை நாளும் ஒருவரையும் தவறவிடாமல் இருக்க, காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் தேவையில்லை. ஒரு கூகுள் ஷீட்டே போதும்.

ஒன்பது பத்திகள் வைத்தால் சரியாக இருக்கும். A முதல் I வரை: பெயர், நிறுவனம், பொறுப்பு, லிங்க்ட்இன் இணைப்பு, நிலை, கடைசித் தொடர்பு, அடுத்த தேதி, அடுத்த வேலை, குறிப்பு. பத்திகள் இதற்கு மேல் கூடினால் நிரப்புகிறவர் சலித்து விட்டுவிடுவார்.

இவற்றில் ஷீட்டுக்கு உயிர் கொடுப்பது G பத்தி, அதாவது அடுத்த தேதி. பேச்சு நடந்துகொண்டிருக்கும் எந்த வரிசையிலும் இது காலியாக இருக்கக் கூடாது. தேதி வந்ததும் வரிசை நிறம் மாற, Format > Conditional formatting போய், Apply to range-இல் A2:I என்று கொடுத்து, Custom formula is என்பதில் இந்தச் சூத்திரத்தைப் போட வேண்டும்:

```
=AND($G2<>"",$G2<=TODAY())
```

பலரும் இடறுவது இங்கேதான். ஷீட்டின் Locale அமெரிக்காவுக்கு இருந்தால், ஜூலை 3 என்று நினைத்து 03/07 அடிப்பதை அது மார்ச் 7 என்று எடுத்துக்கொள்ளும். வரிசை அன்றைக்கே நிறம் மாறிவிடும். அதைவிடக் கெட்டது 17/06 போன்ற தேதி. பதினேழாம் மாதம் கிடையாது என்பதால் ஷீட் அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். எழுத்து ஒருபோதும் TODAY()-ஐ விடச் சிறியதாகக் கணக்காகாது. அந்த வரிசை எந்த நாளும் நிறம் மாறாது, அந்த ஆளை யாரும் கூப்பிட மாட்டார்கள். கண்டுபிடிக்க ஒரு வழி: உண்மையான தேதி கட்டத்தில் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாகிப் போனது இடப்பக்கம் நிற்கும். File > Settings-இல் Locale-ஐ India என்று முதல் நாளே மாற்றிவிடுவது நல்லது. பிறகு மாற்றினால், ஏற்கெனவே தப்பாகப் பதிந்தவை தாமாகத் திருந்தாது. ஒவ்வொன்றாகத் திரும்ப அடிக்க வேண்டும்.

அடுத்தது D பத்தி. ஒரே பெயரில் பலர் இருப்பார்கள், இன்ஷியலும் ஆளுக்கு ஆள் மாறும். இணைப்புதான் நம்பகமான அடையாளம். அதை ஒட்டும்போது கேள்விக்குறியும் அதற்குப் பின்னால் வரும் வாலும் இருந்தால் வெட்டிவிட வேண்டும். `linkedin.com/in/` என்பதும் அதை அடுத்த பெயர்ப்பகுதியும் போதும். எல்லாரும் இதே வடிவில் ஒட்டினால்தான், அதே Conditional formatting-இல் இன்னொரு விதியாகப் போடும் இந்தச் சூத்திரம் இரட்டைப் பதிவைக் காட்டும்:

```
=COUNTIF($D$2:$D,$D2)>1
```

முதலாளியும் மார்க்கெட்டிங் ஆளும் ஒரே பர்சேஸ் மேனேஜருக்குத் தனித்தனியாகச் செய்தி அனுப்புவதை இது தடுக்கும். இணைப்புகளைத் தானாக அள்ளித் தரும் நீட்சிகள் வேண்டவே வேண்டாம். லிங்க்ட்இன் விதிகள் அவற்றை அனுமதிப்பதில்லை, கணக்கே முடங்கலாம்.

நிலை என்ற பத்தியில் நாம் செய்ததை எழுதாமல், அவர் செய்ததை எழுத வேண்டும். ‘மெசேஜ் அனுப்பியாச்சு’ என்பது நிலை ஆகாது. ‘இணைந்தார்’, ‘பதில் தந்தார்’, ‘டிராயிங் தந்தார்’, ‘சாம்பிள் பாஸ்’, ‘ஆர்டர்’, ‘வேண்டாம்’ என்று டிராப்டவுன் வைத்தால் யாரிடம் உண்மையான ஆர்வம் இருக்கிறது என்று ஒரு பார்வையில் தெரியும். இன்னும் இணையாதவருக்கு இந்தக் கட்டம் காலியாகவே இருக்கலாம்.

ஒரு வரிசை எப்படி நகரும் என்று பார்ப்போம். ஜூன் 3 அன்று லிங்க்ட்இன்னில் இணையச் சொல்லி அழைப்பு போகிறது; அடுத்த தேதி ஜூன் 17. எட்டாம் தேதி அவர் இணைகிறார். நிலை மாறுகிறது, அன்றைக்கே ஒரே ஒரு கேள்வி: கேஸ்கெட் தண்ணீருக்கா, எண்ணெய்க்கா? அடுத்த தேதி ஜூன் 15. எண்ணெய் என்றால் நைட்ரைல், தண்ணீர் என்றால் பெரும்பாலும் இபிடிஎம். ‘தண்ணீர், 70 ஷோர்’ என்று பதில் வந்தால் அது அப்படியே குறிப்பில் ஏறுகிறது. அடுத்த வேலை ‘டிராயிங் கேட்க’. ஜூன் 17 வரை அவர் இணையாமலே இருந்திருந்தால், அவசரப்பட்டு அழைப்பைத் திரும்பப் பெறக் கூடாது. பெற்றுவிட்டால் அதே ஆளுக்கு மூன்று வாரம் வரை மறுபடி அழைப்பு அனுப்ப முடியாது. அதே நிறுவனத்தில் தர ஆய்வாளரையோ டிசைன் பொறியாளரையோ தனி வரிசையாகச் சேர்ப்பதே மேல். சாம்பிளைப் பாஸ் செய்வதில் அவர்கள் சொல்லுக்கு எடை அதிகம்.

பர்சேஸ் மேனேஜர் வேலை மாறும்போது நிறுவனத்தின் பெயரை மட்டும் திருத்திவிட்டால், பழைய நிறுவனத்தின் டிராயிங் குறிப்பு புதிய நிறுவனத்தின் தலையில் ஏறிவிடும். பழைய வரிசையில் இணைப்பை அழித்து ‘ஆள் மாறினார்’ என்று குறித்து, அடுத்த வேலையாக ‘புதியவரைத் தேட’ என்று தேதியோடு போட வேண்டும். அவருக்குப் புதிய நிறுவனத்தின் பெயரில் புது வரிசை. அவர் அங்கே சேர்ந்து ஒரு மாதம் கழித்த தேதியாக G-இல் வைத்தால், புது இடத்தில் சப்ளையர் பட்டியலை அவர் பார்க்கத் தொடங்கும் நேரத்தில் நம் செய்தி போய்ச் சேரும்.